கடுங்குளிரில் பல வாரம்: ஸ்லீப்பிங் பேக் ஐஸ் கட்டாமல் காக்கும் வேப்பர் பேரியர் லைனர்

1911 குளிர்காலத்தில் எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கார்ரார்ட் மூவரும் அண்டார்டிகாவில் எம்பரர் பெங்குயின் முட்டைகளைத் தேடி கேப் குரோசியருக்கு நடந்துபோய்த் திரும்பினார்கள். ஐந்து வாரப் பயணம். ஒரு கட்டத்தில் குளிர் மைனஸ் 60 டிகிரியையும் தாண்டியது. கிளம்பும்போது மூவரின் ஸ்லீப்பிங் பேக்குகளும் சேர்ந்து 52 பவுண்டு, அதாவது 24 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. திரும்பியபோது 118 பவுண்டு, ஏறக்குறைய 53 கிலோ. கூடிய 30 கிலோவும் ஐஸ்தான். ஆளுக்கு 10 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 280 கிராம் அளவில் வருகிறது. அதில் பெரும்பங்கு அவர்களின் தோலிலிருந்தும் மூச்சிலிருந்தும் போன ஈரம்தான்.

டவுன் எனப்படும் பறவையின் மென்னிறகு அடைத்த இன்றைய பேக்குகள் அவர்களின் மான்தோல் பைகளைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஈரம் சேரும் விதம் மாறவில்லை. அதைத் தடுப்பதற்கென்றே உள்ளதுதான் வேப்பர் பேரியர் லைனர்: ஸ்லீப்பிங் பேக்குக்கு உள்ளே, உடலுக்கு அருகில் போட்டுக்கொள்ளும், ஆவி கொஞ்சமும் புகாத ஒரு மெல்லிய உட்பை. இதைத் தேர்ந்தெடுப்பது, சோதிப்பது, இரவில் பயன்படுத்துவது, இதே முறையைக் கால்களுக்குக் கொண்டுபோவது ஆகியவற்றைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஐஸ் எங்கே கட்டுகிறது, ஏன் காய்வதில்லை

வியர்க்காமல் சும்மா படுத்திருந்தாலும் தோலிலிருந்து ஆவி போய்க்கொண்டேதான் இருக்கும். நமக்குத் தெரியாமலே போகும் இந்த ஈரம், தோலிலிருந்து மட்டும் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 20 கிராம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்பது மணி நேரம் பைக்குள் இருந்தால் 180 கிராம், கிட்டத்தட்ட ஒரு டம்ளர் தண்ணீர்.

தோல் 32 டிகிரி, கூடாரத்துக்குள் மைனஸ் 30 என்றால், பூஜ்ஜிய டிகிரிக் கோடு டவுனின் ஏறக்குறைய நடுவில் விழும். உள்பாதி கதகதப்பாக இருப்பதால் ஆவி அதை எளிதில் கடந்துவிடும். வெளிப்பாதிக்கு வந்ததும் உறைந்துவிடும். பையின் வெளித்துணியும் தொடுவதற்கு அநேகமாக வெளிக்குளிரில்தான் இருக்கும் என்பதால், எவ்வளவு நல்ல மூச்சுவிடும் துணியாக இருந்தாலும் பெரிய பயனில்லை. ஆவி அந்தத் துணிவரைக்கும் வந்து சேர்ந்தால்தானே அதன் வழியே வெளியேற முடியும்.

காலையில் காயவைக்கலாமே என்றால், மைனஸ் 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் அரை கிராம் நீராவியைக்கூடத் தாங்க முடியாது. 32 டிகிரியில் அதே காற்று 30 கிராமுக்கும் மேல் தாங்கும். உறைந்த டவுனை அந்தக் காற்றில் எவ்வளவு நேரம் தொங்கவிட்டாலும் போகும் ஈரம் சொற்பம்தான்.

180 கிராமில் பாதி டவுனிலேயே தங்குகிறது என்று வைத்தால் ஓர் இரவுக்கு 90 கிராம். இருபது இரவில் 1.8 கிலோ. இரண்டு கிலோ பை ஏறக்குறைய நான்கு கிலோ ஆகிவிடும். எடை கூடியதைவிடப் பெரிய கேடு, டவுன் கட்டிகட்டியாகச் சுருங்கி இடையில் வெற்றிடம் விழுவது. மைனஸ் 40 வரை தாங்கும் என்று வாங்கிய பை, மூன்றாவது வாரத்தில் மைனஸ் 25-க்கே நடுங்க வைக்கும்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

ஓரிரு இரவு மட்டும் மைனஸ் 30-இல் தங்கி வீடு திரும்புகிறவருக்கு இந்தத் தொல்லை வேண்டாம். சேரும் ஈரத்தை வீட்டில் காயவைத்துக்கொள்ளலாம். இரவுக் குளிர் தொடர்ந்து மைனஸ் 20-க்குக் கீழே, நான்கைந்து இரவுக்கு மேல், நடுவில் பையைக் காயவைக்கும் சூடான இடம் கிடையாது என்ற மூன்றும் சேர்ந்தால் உட்பை தேவை என்பது எங்கள் கணிப்பு.

இடமும் முக்கியம். அண்டார்டிகாவின் கோடையில், டிசம்பர்-ஜனவரியில், ஹெர்குலிஸ் இன்லெட்டிலிருந்து தென் துருவத்துக்குப் பனிச்சறுக்கில் போகிறவர்களுக்கு 24 மணி நேரமும் சூரியன் இருக்கிறது. காற்று வறண்டது. வெயிலில் கூடாரத்துக்குள்ளேயே சூடு ஏறும், பையைக் கூடாரத்தின்மேல் விரித்தாலும் ஓரளவு காயும். அங்கே உட்பை இல்லாமலே பலர் சமாளிக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஆர்க்டிக் கடல் ஐஸ்மீது போகிறவர்களின் கதை வேறு. வெயில் இல்லை, இருந்தாலும் சாய்ந்த வெயில். ஐஸ் பிளவுகளில் திறந்திருக்கும் கடல்நீரால் காற்றிலும் ஈரம். அங்கே உட்பை இல்லாமல் போவது பைக்குள் ஐஸ் சேர்க்கப் போவதுதான்.

உட்பை: எதில், எந்த அளவில்

துணி முழுக்க நீர்புகாததாகவும் ஆவி புகாததாகவும் இருக்க வேண்டும். சிலிகான் அல்லது பாலியூரித்தேன் பூசிய மெல்லிய நைலான் பொருத்தம். ஒரு பை 150 முதல் 250 கிராமுக்குள் அடங்கும். மழைக்கோட்டுக்கு வரும் "மூச்சுவிடும் வாட்டர்புரூப்" துணி இதற்கு ஆகவே ஆகாது. அது ஆவியை விடுவதற்கென்றே செய்தது.

கடைக்காரர் சொல்வதை நம்பாமல் துணியை நீங்களே சோதிக்கலாம். ஒரு டம்ளரில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, அதன் வாயில் துணியை இறுக்கி விரியுங்கள். அதன்மேல் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். மேல் டம்ளரின் உட்புறம் தெளிவாகவே இருந்தால் துணி சரி. மூடுபனி படர்ந்தால் ஆவி கடக்கிறது. தையல் உள்ள இடத்திலும் இதைச் செய்து பாருங்கள். ஊசித் துளைகள் வழியே கசிந்தால் தையலுக்குச் சீலர் பூச வேண்டும்.

நீளம், உங்கள் உயரத்துடன் 40 செ.மீ. கூட. அகலம், உள்ளே முழங்காலை மடக்கிப் புரண்டு படுக்கும் அளவு. இறுக்கமாக இருந்தால் இரவில் காலைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும், தையல் பிரியும். கழுத்துப் பக்கம் இழுத்துக் கட்டும் கயிறும், இருட்டில் கையுறையோடு தளர்த்தக்கூடிய ஒரு பூட்டும் வேண்டும். ஜிப் வேண்டாம். ஜிப் வழியே ஆவி போகும், உறையவும் செய்யும்.

காசு செலவழிக்காமல் முதலில் பழக நினைத்தால், கட்டடக் குப்பைக்கு விற்கும் தடித்த பாலித்தீன் பை இரண்டை, ஒன்றின் அடியை வெட்டி, மற்றதோடு அகலமான டேப்பால் ஒட்டி நீளமாக்கிக்கொள்ளலாம். சத்தம் போடும், ஒரு வாரத்தில் கிழியும். நெடும்பயணத்துக்கு நம்ப வேண்டாம். ஆனால் மாற்றாக ஒன்றை மடித்து, இழுத்துப்போகும் பனிச்சறுக்கு வண்டியில் வைத்திருப்பது நல்லது.

இரவு: எந்த வரிசையில்

முதலில் உடல் ஆறட்டும். வியர்வையோடு உட்பைக்குள் போனால் அந்த ஈரம் இரவு முழுவதும் உங்களோடுதான் இருக்கும். கூடாரம் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, சாப்பிட்டு முடிப்பதற்குள் நடந்தபோது போட்டிருந்த உள்ளாடை உடல்சூட்டிலேயே பெரும்பாலும் காய்ந்துவிடும்.

உட்பைக்குள் போகும்போது மேலே மெல்லிய ஒரே அடுக்கு: முழுக்கை பனியன், நீளக் கால்சட்டை, இரவுக்கென்றே ஒதுக்கிய உலர்ந்த சாக்ஸ். பாலிப்ரொப்பிலீனோ மெல்லிய மெரினோ கம்பளியோ போதும். வெறும் தோலில் பிளாஸ்டிக் ஒட்டும், அதைத் தடுக்கத்தான் இந்த அடுக்கு. தடித்த ஃபிளீஸ், டவுன் ஜாக்கெட் எதையும் உட்பைக்குள் போடக் கூடாது. அவை ஈரத்தைக் குடித்துவிடும். கூடுதல் சூடு வேண்டுமென்றால் ஜாக்கெட்டை உட்பைக்கும் ஸ்லீப்பிங் பேக்குக்கும் நடுவில் விரித்துக்கொள்ளுங்கள். அங்கே அது உலர்ந்தே இருக்கும், அதன் வேலையையும் செய்யும்.

கழுத்துக் கயிற்றை மெதுவாக இறுக்குங்கள். விரல் நுழையும் இடைவெளி போதும். பிறகு ஸ்லீப்பிங் பேக்கின் கழுத்துப்பட்டையையும் தலைக்குல்லாவையும் மூடி, மூக்கும் வாயும் மட்டும் வெளியே இருக்கும்படி விடுங்கள். உட்பை எவ்வளவு நன்றாக இருந்தாலும், குளிர் தாளாமல் முகத்தை உள்ளே இழுத்து மூச்சுவிட்டால் எல்லாம் வீண். கேப் குரோசியர் குழுவின் கணக்கு அவ்வளவு மோசமாகப் போனதற்கு, அவர்கள் பைக்குள்ளேயே மூச்சுவிட்டதும் ஒரு காரணம். மூக்கு உறைகிறது என்றால் ஒரு ஃபிளீஸ் துண்டை முகத்தின்மேல் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சின் ஈரம் அதில் உறையும். காலையில் உதறினால் போய்விடும்.

நடு இரவில் உள்ளே நசநசப்பு தெரிந்தால் உங்களுக்குச் சூடு அதிகமாகிவிட்டது என்று பொருள். உட்பையைக் கழற்றாதீர்கள். முதலில் ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து உடலைக் குளிரவிடுங்கள். உட்பை இல்லாதபோது இந்த வியர்வை சத்தமில்லாமல் டவுனுக்குள் போயிருக்கும், உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. இப்போது உடனே தெரிகிறது, அதனால் உடனே சரிசெய்ய முடிகிறது. மூன்று நான்கு இரவுக்குள் எவ்வளவு திறந்தால் சரி என்று கைக்குப் பழகிவிடும். முதல் இரவு யாருக்கும் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழகிக்கொள்ளாமல் பயணத்தின் நடுவில் முதல்முறை போட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அன்றே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு பெரிய தவறு, ஈரச் சாக்ஸையும் கையுறையையும் காயவைக்க ஸ்லீப்பிங் பேக்குக்குள், உட்பைக்கு வெளியே, வைத்துக்கொள்வது. அவை காயத்தான் செய்யும். ஆனால் அந்த ஈரம் முழுக்க டவுனுக்குள் போகும். தடுப்புக்கு வெளியே நீங்களே ஒரு ஈரத் துணியை வைத்த மாதிரி. அவற்றை அடுப்பு எரியும்போது கூடாரத்தின் உச்சியில் கட்டிய கயிற்றில் காயப்போடுங்கள். மேல் துவாரம் திறந்தே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஈரம் கூடாரத் துணியில் உறைந்து உங்கள்மேலேயே கொட்டும் என்பது ஒருபுறம், அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும். காயாமல் மிஞ்சியவை உறையாமல் இருந்தால் போதும் என்றால் உட்பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

காலை: முதல் பத்து நிமிடம்

உட்பையிலிருந்து வெளியே வந்ததும் ஈரமான உள்ளாடையிலிருந்து ஆவி வேகமாகப் போகும், குளிர் சட்டென்று பிடிக்கும். அதனால் வெளியே வருவதற்கு முன்பே அடுப்பு எரியட்டும், ஜாக்கெட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உட்பையை இடுப்புவரை இறக்கி, மேலே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பிறகு முழுவதும் வெளியே வாருங்கள். உள்ளாடை சில நிமிடத்தில் உடல்சூட்டில் காய்ந்துவிடும்.

அடுத்து, ஸ்லீப்பிங் பேக் இன்னும் கதகதப்பாக இருக்கும்போதே கால்பக்கத்திலிருந்து கழுத்துப்பக்கமாகச் சுருட்டி அழுத்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். ஆறவிட்டால் அதில் இருக்கும் கொஞ்ச ஈரமும் டவுனிலேயே உறையும். உட்பையை உள்வெளியாகத் திருப்பி வெளியே போடுங்கள். ஒரு நிமிடத்தில் ஈரம் மெல்லிய பனித்தூளாகும். உதறினால் பெரும்பாலும் கொட்டிவிடும். இந்த ஒரு உதறல்தான் உட்பையின் மொத்த லாபம். டவுனுக்குள் புகுந்து எடுக்கவே முடியாமல் இருந்திருக்க வேண்டிய நீர், இங்கே பனியில் கொட்டிக் கிடக்கிறது.

சரியாக வேலை செய்கிறதா என்று ஊகிக்க வேண்டாம், எடை போடுங்கள். பயணப்பெட்டி எடைபோடும் சிறிய தொங்கு தராசு போதும். கிளம்பும் நாளில் பையின் எடையைக் குறித்து, மூன்று காலைக்கு ஒருமுறை தொங்கவிட்டுப் பாருங்கள். வெளித்துணியில் படிந்த பனியை முதலில் பிரஷால் தட்டிவிடுங்கள். எடை கொஞ்சம் ஏறத்தான் செய்யும், கூடாரத்தின் பனியும் மூச்சும் இருக்கிறதே. மூன்று இரவில் 100 கிராமுக்கு மேல் ஏறினால் எங்கோ ஓட்டை.

எங்கே என்பதைப் பையே சொல்லும். விரல்களால் டவுனைப் பிசைந்து கட்டிகளைத் தேடுங்கள். கழுத்து, மார்புப் பகுதியில் கட்டி இருந்தால் மூச்சு உள்ளே போகிறது அல்லது கயிறு தளர்ந்திருக்கிறது. கால்பகுதியில் மட்டும் என்றால் உட்பையின் அடியில் கிழிசல் இருக்கலாம், அல்லது பையின் நுனி கூடாரச் சுவரில் உரசிப் பனியை வாங்குகிறது. உடல் முழுக்கப் பரவலாக இருந்தால் துணியே ஆவியை விடுகிறது. அப்போது மாற்று உட்பையை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கால்: வேறு விதி

பூட்ஸிலும் இதே நடக்கிறது, இன்னும் வேகமாக. உள்ளங்கால் நடக்கும்போது வியர்க்கும். ஈரம் கம்பளிச் சாக்ஸைத் தாண்டி ஃபெல்ட் உட்காலணியில் சேர்ந்து, வெளி ஓட்டின் உட்புறத்தில் உறையும். மாலையில் உட்காலணியை உருவும்போது அதன் வெளிப்புறத்தில் வெண்பனி ஒட்டியிருந்தால் உங்களுக்குத் தடுப்பு வேண்டும்.

வரிசை இப்படி: தோலை ஒட்டி மெல்லிய சாக்ஸ், அதன்மேல் ஆவி புகாத தடுப்பு, அதன்மேல் தடித்த கம்பளிச் சாக்ஸ், பிறகு உட்காலணியும் பூட்ஸும். தடுப்புக்குப் பூச்சுபோட்ட நைலான் சாக்ஸ் விற்கிறார்கள். ஓவனில் கோழி சுடும் பிளாஸ்டிக் பையைப் பலர் இதற்கே வாங்குகிறார்கள். மெல்லியது, விலை குறைவு. எது போட்டாலும் குதிகாலில்தான் முதலில் தேயும். வாரம் ஒருமுறை ஊதிப் பிடித்துப் பாருங்கள். எல்லா அடுக்கும் போட்ட பிறகும் பூட்ஸுக்குள் விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும், எத்தனை அடுக்கும் காப்பாற்றாது.

கொரியப் போர்க் காலத்திலிருந்து அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய ரப்பர் பூட்ஸ் இதே தத்துவம்தான். காப்புப் பஞ்சு இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவில் அடைபட்டிருக்கும், எந்தப் பக்கத்திலிருந்தும் ஈரம் போகாது. வெள்ளை நிற ரகம் மைனஸ் 54 டிகிரிக்கென்று செய்யப்பட்டது. சூடு இருந்தது, ஆனால் சாக்ஸ் மாற்றாதவர்களின் கால் ஈரத்திலேயே ஊறியது. தடுப்பு சாக்ஸிலும் இந்த ஆபத்து அப்படியே இருக்கிறது.

அதனால் உடலுக்குச் சொன்னதற்கு நேர்மாறான விதி இங்கே: இரவில் காலில் தடுப்பு சாக்ஸ் கூடவே கூடாது. கூடாரத்துக்குள் வந்ததும் தடுப்பைக் கழற்றி, காலை நன்றாகத் துடைத்து, விரலிடுக்குவரை உலரவிட்டு, உலர்ந்த சாக்ஸ் போடுங்கள். 24 மணி நேரத்தில் குறைந்தது எட்டு மணி நேரம் கால் உலர்ந்திருக்க வேண்டும். உட்பைக்குள் ஈரம் சேரத்தான் செய்யும் என்பதால், படுக்கப் போகும் முன்பு கூடாரத்தில் கிடைக்கும் இரண்டு மணி நேரமும் விலைமதிப்பற்றது. காலில் வியர்வை அதிகம் வருபவர்கள் உட்பையை முழங்கால்வரை மேலே இழுத்துச் சுருட்டி, பாதத்தை நேரடியாக ஸ்லீப்பிங் பேக்குக்குள் விடலாம். டவுனுக்குக் கொஞ்சம் ஈரம் போகும், ஆனால் காலுக்கு அந்த விலை கொடுக்கலாம்.

உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கியிருப்பது மாலையில் சாதாரணம். அரை மணி நேரத்தில் பழையபடி ஆகிவிட வேண்டும். காலையிலும் சுருக்கம் போகாமல், மிதித்தால் எரிச்சலோ வலியோ, அல்லது மரத்துப்போன உணர்வோ இருந்தால் கால் ஈரத்தில் ஊறிக் கெடத் தொடங்கிவிட்டது. தடுப்பை நிறுத்துங்கள். பூட்ஸில் ஐஸ் சேர்ந்தாலும் பரவாயில்லை, அதை மாலையில் சுரண்டிக்கொள்ளலாம்.

பகலில் மார்புக்கு வேண்டாம்

ஆவிபுகாத சட்டை போட்டுக்கொண்டு வண்டி இழுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. வேண்டாம். உழைக்கும் உடல் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல் வியர்க்கும். அதை அடைத்து வைத்தால் நனைந்துபோவீர்கள், நின்றவுடன் அந்த ஈரமே குளிரும். பகலில் செய்ய வேண்டியது வியர்க்காமல் பார்த்துக்கொள்வது. கிளம்பும்போது கொஞ்சம் குளிர்கிறதே என்று தோன்றும் அளவு மட்டும் உடுத்துங்கள். பத்து நிமிடம் நடந்ததும் சரியாகிவிடும். முதுகில் ஈரம் தெரிவதற்கு முன்பே தொப்பியைக் கழற்றி, கழுத்து ஜிப்பைத் திறந்து, அப்படியும் போதவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நின்றால் உடனே டவுன் ஜாக்கெட்டை எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

கைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. மெல்லிய லைனர் கையுறைக்குள் நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டால் தடித்த மிட்டன்கள் உலர்ந்தே இருக்கும். ஓய்வு நேரத்திலும் கூடார வேலையிலும் இது நன்றாக உதவுகிறது. ஒரு நாளுக்கு ஒரு ஜோடி என்று எடுத்துப் போங்கள். கழற்றும்போது விரல்கள் ஈரமாக இருக்கும், அந்த ஈரக் கையால் அடுப்பின் எரிபொருள் பம்பையோ கூடாரக் கம்பியையோ தொடாதீர்கள், தோல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். துடைத்து, உலர்ந்த லைனரைப் போட்ட பிறகுதான் உலோகத்தில் கை வைக்க வேண்டும்.